கடன் கட்டும் வீட்டில் எந்தப் பழமொழி சோறு போடும், எது குழி பறிக்கும்

கடன் இருக்கிற வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்குப் பஞ்சமே இருக்காது. "கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்பார்கள். காபி குடித்துவிட்டுப் போன பிறகு நாம் காலண்டரைப் பார்த்தால் 5-ஆம் தேதிக்கு நாலு நாள்தான் இருக்கும். மூன்றரை வருஷத்துக்கு மேல் இப்படி ஓட்டிய பிறகு எழுதுகிறேன். அத்தை வாயில் வரும் பழமொழிகளில் சில எங்களை உண்மையிலேயே தாங்கிப் பிடித்தன. சில நல்லதுபோல் இருந்து இன்னும் ஆழத்தில் தள்ளின. எது எந்த வகை என்று முதல் வருஷமே யாராவது சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

கணக்கைச் சொன்னால்தான் மற்றது புரியும். மாமனார் வைத்தியத்தில் தொடங்கிய கடன். பேங்கில் தனிநபர் கடன் 5,00,000, வட்டி வருஷத்துக்கு 14 சதவீதம், 60 தவணை, மாதம் 11,634. நகையை வைத்து 2,00,000, வட்டி 10 சதவீதம், வருஷத்துக்கு ஒரு முறை 20,000 வட்டி கட்டி மறு அடகு. வெளியில் தெரிந்தவரிடம் புரோநோட்டில் 1,50,000, மூணு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், மாதம் 4,500. கொழுந்தனாரிடம் வட்டியில்லாமல் 40,000. வீட்டுக்காரர் சம்பளம் 24,000, என் தையல் வருமானம் சராசரி 9,000. மொத்தம் 33,000. நகை வட்டிக்கு மாதம் 1,667 எடுத்து வைப்பதையும் சேர்த்தால் கடனுக்கே 17,801 போய்விடும். மீதி 15,199-இல் வாடகை 5,000. மிச்சத்தில் நாலு பேர் சாப்பாடு, பள்ளிக்கூடம், கரண்ட், கேஸ்.

இந்தக் கணக்கே எங்களுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும் என்பது வெட்கமான விஷயம். அவருக்குத் தெரிந்த கடன் அவர் மனதில், எனக்குத் தெரிந்தது என் மனதில். அத்தை ஒரு நாள் சொன்னார், "எழுதாக் கடனுக்கு அழுதா தீருமா?" கையில் அகப்பட்ட முதல் உருப்படியான பழமொழி அதுதான். அன்று இரவே பையனின் பழைய நோட்டில் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினோம். யாருக்கு, அசல் எவ்வளவு பாக்கி, வட்டி எவ்வளவு, எந்தத் தேதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் என்னென்ன, ஜாமீன் யார். இந்தக் கடைசி இரண்டை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். வெற்றுக் காசோலை, நிரப்பாத புரோநோட்டு கொடுத்திருந்தால் அதையும் கடன் என்றே எழுதி வையுங்கள். எழுதும்போது இரண்டு பக்கமும் ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வரும். எங்கள் வீட்டில் செல்போன் ஆப்பில் வாங்கிய 8,000 அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சண்டை குறைந்தது. ஏனென்றால் சண்டை போடுவதற்குச் சந்தேகம் வேண்டும், காகிதத்தில் சந்தேகம் இல்லை.

இப்போது குழி பறித்த பழமொழிக்கு வருகிறேன். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன." கேட்க வீரமாக இருக்கும். இதைச் சொல்லித்தான் அந்த ஆப் கடனும் வந்தது, தீபாவளிக்கு இன்னொரு 15,000-உம் வந்தது. கடன் கணக்கில் சாணும் முழமும் ஒன்றே இல்லை. மூணு வட்டியில் கூடுதலாக 30,000 வாங்கினால் மாதம் 900 ரூபாய். எங்கள் வீட்டில் அது பாதி மாதத்து அரிசி, பருப்பு. ஏற்கெனவே கழுத்தளவு நிற்கிறவனுக்குத்தான் ஒரு சாண் தண்ணீர் முக்கியம். அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அன்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பதை எல்லோரும் நம்புகிறோம். நானும் நம்பினேன். பேங்க் கடனுக்கு அது உண்மை. முதல் தவணை 11,634-இல் வட்டிக்கு 5,833 போய், அசலில் 5,801 குறைந்தது. அடுத்த மாதம் வட்டி கொஞ்சம் குறையும், அசல் கொஞ்சம் கூடுதலாகக் கழியும். கல் தேய்கிறது, மெதுவாக. புரோநோட்டுக் கடனில் நடந்தது வேறு. மாதம் தவறாமல் 4,500 கொடுத்தோம். 36 மாதத்தில் 1,62,000 கொடுத்தோம். அசல் அதே 1,50,000 அசையாமல் நின்றது. வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்த பிறகும் ஒரு ரூபாய் குறையவில்லை என்று அன்று நோட்டில் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, குமட்டல்தான் வந்தது. எறும்பு ஊர்ந்தது நிஜம், ஆனால் கல்லின் மேல் ஊரவில்லை, கல்லைச் சுற்றித்தான் ஊர்ந்தது. ஆகவே இந்தப் பழமொழியைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வதற்கு முன்னால் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த மாதம் கொடுத்த பணத்தில் அசலில் எவ்வளவு கழிந்தது? பதில் பூஜ்யம் என்றால் பொறுமையால் அந்தக் கடன் தீராது. எத்தனை வருஷம் கட்டினாலும் தீராது.

அதேபோல்தான் "இதுவும் கடந்து போகும்" என்பது. துக்கம் கடந்து போகும், காய்ச்சல் கடந்து போகும். வட்டி மட்டும் கட்டும் கடன் கடந்து போகாது, கூடவே உட்கார்ந்திருக்கும். இதை எங்கள் வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக நாங்களே ஒன்று வைத்துக்கொண்டோம், பழமொழி என்று சொல்ல முடியாது: "இந்த மாசம் கட்டியாச்சு." தவணை போன அன்று ராத்திரி யாராவது ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். எதிர்காலத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை, அதனால் பொய்யும் இல்லை. நடந்து முடிந்த ஒன்றைத்தான் சொல்கிறது. தூக்கம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நகை விஷயத்தில் எங்களைக் கட்டிப்போட்ட சொல், "போன நகை திரும்பி வருமா?" விற்றால் மறுபடி வாங்க முடியாது என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் நகை என் கழுத்திலா இருந்தது? மூன்று வருஷமாக அடகுப் பையில் இருந்தது. அதை அங்கே வைத்திருக்க 60,000 கட்டியிருக்கிறோம். முதலில் அதே நகையின் மேல் கூடுதல் கடன் கேட்டுப் பார்த்தோம். நகை மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் தர மாட்டோம் என்று சொல்லி 30,000 சொச்சம்தான் கிடைக்கும் என்றார்கள். உங்கள் நகையின் மதிப்புக்கும் அதன் மேல் வாங்கிய கடனுக்கும் நல்ல இடைவெளி இருந்தால், இரண்டு வருஷத்துக்குள் மீட்டுவிட முடியும் என்றும் வருமானம் சொன்னால், மூணு வட்டிக் கடனை அடைக்க அடகைக் கூட்டுவது கணக்குக்குச் சரி. 36 சதவீதத்தை 10 சதவீதமாக மாற்றுகிறீர்கள். ஒரே நிபந்தனை, அந்தப் பணம் கைக்கு வந்த அன்றே வட்டிக்காரரிடம் போய்விட வேண்டும். வீட்டில் ஒரு வாரம் இருந்தால் பாதி இருக்காது. எங்களால் மீட்க முடியாது என்று தெரிந்ததால் விற்றோம்.

விற்பதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றிரண்டு உண்டு. அடகை மீட்கக் கையில் பணம் வேண்டும். அதற்காக ஒரு நாள் வட்டிக்கு யாரிடமும் வாங்காதீர்கள். அடகு வைத்த இடத்துக்கே ஆள் வந்து, பணம் கட்டி மீட்டு, மீதியைக் கொடுத்து நகையை வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. ஒரே கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மூன்று கடையில் கேட்டால் மூன்று விலை வரும். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழிப்பார்கள். எங்கள் தோட்டில் கல் கழித்தது பார்க்கவே அநியாயமாக இருந்தது. எடை போடும்போது தராசைப் பாருங்கள், உரை பார்த்த தரத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அடகுக் கடன் 2,00,000 போக எங்களுக்கு 1,10,000 நின்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நானும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அம்மா போட்ட சங்கிலி. இதற்கு ஆறுதல் சொல்லும் பழமொழி எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை.

அந்த 1,10,000-ஐ வட்டிக்காரரிடம் கொடுத்த விதம்தான் மிக முக்கியம். பணத்தை நீட்டினால் "சரி, வரவு வச்சுக்கிறேன்" என்று சட்டைப் பையில் வைத்துவிடுவார். அடுத்த மாதம் "அது முன் வட்டிம்மா" என்று சொன்னால் நம்மிடம் என்ன இருக்கிறது? அங்கேயும் அதே எழுதாக் கடன்தான். முடிந்தவரை பேங்க் வழியாக அனுப்புங்கள், அனுப்பும்போது குறிப்பில் 'அசல்' என்று போடுங்கள். புரோநோட்டை எடுக்கச் சொல்லி, அதன் பின்பக்கத்தில் "அசலில் 1,10,000 வரவு, பாக்கி அசல் 40,000" என்று தேதியோடு அவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் அவர் முகம் சுளித்தார், "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். வீட்டுக்காரர் "அண்ணே, உங்களை நம்பாம இல்ல, நாளைக்கு நாங்க இல்லைன்னாலும் புள்ளைங்களுக்குத் தெரியணும்ல" என்றார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கணக்குக் கேட்பது அவமரியாதை இல்லை என்று புரிய வைக்க இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் வாய் வராது.

பிறகு நடந்தது வெறும் கணக்கு. முன்பு வட்டிக்கும் நகைக்குமாகப் போன 4,500-உம் 1,667-உம் சேர்ந்து மாதம் 6,167. அதைக் குறைக்காமல் அப்படியே அந்த 40,000-த்துக்குத் திருப்பினோம். முதல் மாதம் வட்டி 1,200, அசலில் 4,967. இரண்டாம் மாதம் வட்டி 1,051, அசலில் 5,116. ஏழாவது மாதம் முடிந்தபோது பாக்கி 1,941. எட்டாவது மாதம் தீர்ந்தது. இங்கேதான் எறும்பு நிஜமாகக் கல்லின் மேல் ஊர்ந்தது. இந்த எட்டு மாதத்தில் வரும் பெரிய சோதனை, வட்டி குறைந்ததும் கையில் காசு தங்குவது. 1,200 கொடுத்தால் போதும், மீதி நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு மிக்ஸி வாங்கலாமே என்று தோன்றும். எனக்குத் தோன்றியது.

அதற்கு நான் சுவரில் எழுதி ஒட்டியது ஒரு குறள். "ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை." வருகிற வழி குறுகலாக இருந்தாலும் பரவாயில்லை, போகிற வழி அகலாமல் இருந்தால். கடன்காரர்களுக்கு இதைவிட நேர்மையான ஆறுதல் நான் கேட்டதில்லை. வருமானம் கூடும் என்று அது சொல்லவில்லை. சம்பளம் இதேதான், இந்த அளவிலேயே கெடாமல் இருக்க முடியும் என்று மட்டும் சொல்கிறது. ஆனால் இதிலும் ஒரு எல்லை உண்டு. சாப்பாடு, மருந்து, பள்ளிக்கூடம் மூன்றும் போகாற்றில் சேராது. "கடனில்லாச் சோறு கால் வயிறு" என்பதைப் பிள்ளைகள் தட்டில் சோறு போடும்போது சொல்லாதீர்கள். பெரியவர்கள் தீபாவளிச் சேலைக்கு ஆசைப்படும்போது தங்களுக்குச் சொல்லிக்கொள்கிற வாக்கியம் அது. என் மகள் ஒரு நாள் இரண்டாவது தோசை வேண்டாம் என்றாள். பசிக்கவில்லை என்று சொன்னாள். அன்றோடு அந்தப் பழமொழியைச் சமையலறைக்குள் சொல்வதை நிறுத்தினேன்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அத்தையின் சொல், "குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்." எங்களுக்குத் தவணை 5-ஆம் தேதி, சம்பளம் 7-ஆம் தேதி. ஒரு மாதம் கணக்கில் 400 ரூபாய் குறைந்திருந்தது. கடன் கொடுத்த இடத்தில் 590, கணக்கு இருக்கிற பேங்கில் 590, ஆக 1,180 போனது. நானூறு ரூபாய்க்கு. எளிய வழி, தவணைத் தேதியைச் சம்பளத்துக்குப் பிறகு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுப்பது. கேட்டால் பல இடங்களில் செய்து தருகிறார்கள், கேட்காமல் யாரும் செய்வதில்லை. கட்டவே முடியாத மாதம் என்றால் தேதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள், முடியும் தொகையை மட்டும் சொல்லுங்கள். 10,000 தருகிறேன் என்று சொல்லி 4,000 கொடுப்பதைவிட 3,000 என்று சொல்லி 3,000 கொடுப்பது மேல். கொழுந்தனாரிடம் நாங்கள் சொன்னது, "ரெண்டு வருஷத்துக்கு ஒரு ரூபா கூட எதிர்பார்க்காதீங்க தம்பி, அதுக்கப்புறம் மாசம் 2,000." அவர் முகம் வாடியது. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் பொய் சொல்லும் வேலை மிச்சம்.

கடைசியாக "நாலு பேர் என்ன சொல்லுவாங்க." இது பழமொழி இல்லை, ஆனால் கடன் வீட்டில் அதிகம் பேரை உடைக்கிற சொல் இதுதான். வசூல் ஆட்கள் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். வாசலில் நின்று சத்தம் போட்டால் பக்கத்து வீடு கேட்கும் என்று தெரிந்துதான் சத்தம் போடுகிறார்கள். பேங்க், பைனான்ஸ் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது, கடனாளியையோ அவர் உறவுகளையோ மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முதலில் கடன் கொடுத்த இடத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். தனியாரின் கந்து வட்டி, மீட்டர் வட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 3 ஆண்டு வரை சிறையும் 30,000 வரை அபராதமும் உண்டு. அதே தெருவில் இருக்கிறவர் மேல் புகார் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாங்களும் கொடுக்கவில்லை. ஆனாலும் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால் பேசும்போது குரல் நடுங்காது. அதையும் மீறி வீட்டில் யாராவது "நான் இல்லாம போனா எல்லாம் தீர்ந்துடும்" என்று ஒரு தடவை சொன்னாலும் அதை வாய்ப்பேச்சு என்று விடாதீர்கள். அன்றே உடன் இருங்கள், 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சொன்னது யார் என்று எழுத மாட்டேன்.

கடன் தீர்ந்த அன்று வட்டிக்காரர் புரோநோட்டைக் கொடுத்தார். கொடுத்திருந்த இரண்டு வெற்றுக் காசோலையையும் கேட்டு வாங்கினோம். ஒன்றை "எங்கயோ வச்சுட்டேன்" என்றார். தேடி எடுக்கும் வரை திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு அவசரமே இல்லை. பேங்க் கடனில் இன்னும் 16 தவணை இருக்கிறது, பாக்கி 1,69,000-த்துக்குப் பக்கத்தில். முன்கூட்டி அடைத்தால் என்ன கட்டணம் என்று கேட்டு எழுத்தில் வாங்கியிருக்கிறோம், அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போதைக்கு அந்த 6,167-இல் மாதம் 2,000 கொழுந்தனாருக்குப் போகிறது. மீதியை, ஒரு தவணைக்கான பணம் தனியாகச் சேரும் வரை தொடுவதில்லை. நேற்று 5-ஆம் தேதி. ராத்திரி பையன்தான் சொன்னான், "இந்த மாசம் கட்டியாச்சு."